பெரியப்பாவை ஆம்புலன்சில் ஏற்றுவது எப்படி?

ஓப்பன் மைக்கில் ஐந்து நிமிடம் பேசப்போகும் தோழியின் நோட்டுப்புத்தகம் நேற்று என் கையில் சிக்கியது. அவள் அனுமதியோடுதான். ஏறக்குறைய! உள்ளே ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

முதல் பக்கத்தில் ஒரே வரி: ‘பெரியப்பா – எந்த வழியா வந்த?’ வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அவர் கேட்கும் கேள்வி அது. ரேடியல் ரோடு என்றால் மேடவாக்கம் வழியாக வந்திருக்க வேண்டும். மேடவாக்கம் என்றால் ரேடியல் ரோடு.

இதை அப்படியே மேடையில் சொன்னால் ‘எங்க வீட்லயும் இப்படித்தான்’ என்று தலையாட்டுவார்கள். தலையாட்டல் சிரிப்பாகாது. அதனால் அந்தக் கேள்வியை யாருமே கேட்கக் கூடாத இடத்துக்குப் பெரியப்பாவைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கல்யாண வீடு, அடித்தாகிவிட்டது. சாவு வீடு, ஒரு வட்டம். ஆம்புலன்ஸ், மூன்று ஆச்சரியக்குறி!

தாம்பரத்தில் நடு ராத்திரி நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி ஓ.எம்.ஆரில். சைரன் அலறுகிறது. மூக்கில் மாஸ்க். பெரியப்பா ஒரு கையால் மாஸ்க்கைத் தூக்கி, டிரைவரிடம்: “தம்பி... மேடவாக்கம்.”

பக்கத்து ரூமில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். ஆனால் இந்த வரி முதலில் ‘மேடவாக்கம் வழியா போன்னு பெரியப்பா சொன்னார்’ என்றுதான் இருந்ததாம். ‘மேடவாக்கம்’ என்றதுமே வெடிக்க வேண்டிய சிரிப்பை வாலில் தொங்கும் ‘சொன்னார்’ அமுக்கிவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் தொல்லை இது. அதற்கு அவள் வைத்திருக்கும் வழி, சொல்வதை விட்டுவிட்டுப் பெரியப்பாவாகவே மாறிவிடுவது. மைக் இல்லாத கை மாஸ்க்கைத் தூக்கும். ஊர்ப்பெயரோடு வாய் மூடிவிடும்.

சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து, புதுக் கதை தொடங்காமலே அதன் மேல் இன்னொன்று: “டிரைவர் ரேடியல் ரோட்ல திருப்பிட்டார். பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி நின்னுடுச்சு. கோவத்துல.” இதைத்தான் ஸ்டாண்ட்-அப்காரர்கள் டேக் என்கிறார்கள். முன்கதைச் செலவே இல்லாத சிரிப்பு என்பதால் ஐந்து நிமிடக்காரர்களுக்கு டேக் என்றால் உயிர்.

ஒத்திகையில் அவள் நாலே கால் நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். மீதி சிரிப்புக்காக. கடைசி நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து லைட் காட்டுவார்கள். அதற்கப்புறம் புது ஜோக் எடுப்பது ஆபத்து. மொத்தத்தையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்பாள். மாஸ்க்கைத் தூக்கும் முன்பே சிரிப்பு வந்திருந்தால், முன்கதையில் எங்கோ அதிகமாக உளறிவிட்டாள் என்று அர்த்தம். உடனே வெட்டு.

ஒத்திகையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அவள் அம்மா உள்ளே வந்து சொன்னார்: “பெரியப்பா பாவம்டி, விட்டுடு. உங்கப்பாவை எடுத்துக்கோ. பாயிண்ட்டெல்லாம் நான் தர்றேன்.”