வெயில் வேண்டும், சூரியன் வேண்டாம்

அடுக்குமாடி வீட்டு விளம்பரங்களில் இப்போது ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மொட்டைமாடிக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும். அதைச் சுற்றி ஊசி ஊசியாகக் கதிர்கள். படத்தின் குறுக்கே பச்சையும் ஊதாவுமாகச் சில வட்டங்கள் மிதக்கும். கூரை விளிம்பையொட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெள்ளையடித்த சுவர் ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும். கேமராவில் எடுத்த படமல்ல இது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உருவாக்கியது.

சற்று நிதானமாகப் பார்த்தால் பெரிய தவறு ஒன்று புலப்படும். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றால், நம் பக்கம் திரும்பியிருக்கும் முகப்பு நிழலில்தான் இருக்க முடியும். படத்திலோ முகப்பு முழுக்க வெயில் அடிக்கிறது. முன்னால் வெயில், பின்னால் சூரியன்! இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

இந்தக் கோளாறுகளைத் தவிர்க்க முதலில் இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டும். உண்மையான கேமராவில் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும்போது, உள்ளே அடுக்கியிருக்கும் கண்ணாடிகளுக்கிடையே ஒளி பட்டுத் திரும்பி, படத்தில் வட்டங்களாகப் பதிகிறது. இதுதான் லென்ஸ் ஃப்ளேர். புகைப்படக் கலைஞர்கள் இதைக் காலங்காலமாகக் குறையாகவே பார்த்தார்கள். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935இல் கண்ணாடிமீது மெல்லிய பூச்சு பூசும் முறையைக் கண்டுபிடித்ததே இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கத்தான். பிறகு திரைப்படக்காரர்கள் அந்தக் குறையையே அலங்காரமாக்கினார்கள். 2009இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் இயக்குநர் ஜே.ஜே.ஆப்ராம்ஸ் வேண்டுமென்றே லென்ஸை நோக்கி விளக்கடிக்க வைத்தார்.

படம் உருவாக்கும் மென்பொருளிடம் லென்ஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இணையத்தில் கிடைத்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்குக் கீழே எழுதியிருந்த விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்து அது பழகியிருக்கிறது. 'கோல்டன் ஹவர்', 'சினிமாட்டிக்' போன்ற சொற்கள் எழுதியிருந்த படங்களில் சூரியனும் ஃப்ளேரும் அதிகம். அதனால் அந்தச் சொற்களைக் கொடுத்தால் ஃப்ளேரையும் சேர்த்தே கொடுக்கிறது. ஒளியின் கணக்கு எதுவும் அதற்குள் நடப்பதில்லை. சாதாரணக் கேமரா ஃப்ளேரில் வட்டங்கள் சூரியனையும் படத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கும் ஒரு நேர்கோட்டில் அமையும். உருவாக்கிய படங்களில் அவை பல சமயம் கோடு தப்பி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். போலி ஃப்ளேரைக் கண்டுபிடிக்க இது நல்ல அடையாளம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் கிழக்குப் பார்த்த இரண்டு மாடி வீடு, வெள்ளைச் சுவர், ஜன்னல்களுக்கு மேலே மூன்றடி நீட்டிய கான்கிரீட் சன்ஷேடு. காலை வெயிலில் அது எப்படித் தெரியும் என்று ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மென்பொருளில் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் முதலில் எழுதும் வாசகம் இப்படித்தான் இருக்கும்:

```
sunny modern white house exterior, golden hour, bright sunlight, cinematic, 8k
```

இந்த ஒரு வரியிலேயே பாதிக் கோளாறு இருக்கிறது. வெயிலைக் குறிக்கும் சொற்கள் மூன்று இடத்தில் வருகின்றன. மூன்றும் சேர்ந்து சூரியனைப் படத்துக்குள் இழுத்துவந்துவிடும். 'கோல்டன் ஹவர்' சுவரை ஆரஞ்சாக்கும். சரி, 'no lens flare' என்று கடைசியில் சேர்த்தால் போகுமா? பெரும்பாலும் போகாது. வாசகத்தைப் படிக்கும் பகுதிக்கு 'இல்லை' என்ற மறுப்பு சரியாகப் புரிவதில்லை. ஃப்ளேர் என்ற சொல்தான் அதன் காதில் விழுகிறது.

வழி வேறு. வெயிலைச் சூரியனால் சொல்லாமல் நிழலால் சொல்ல வேண்டும். கட்டடங்களைப் படமெடுக்கும் புகைப்படக் கலைஞர்கள் பொதுவாகச் சூரியன் தங்கள் முதுகுப் பக்கமோ தோளுக்குப் பக்கவாட்டிலோ இருக்கும் நேரம் பார்த்துத்தான் போவார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும்:

```
two-storey white house, mid-morning daylight from behind the viewer,
sharp shadows under concrete window ledges, deep blue sky,
matte white plaster with visible texture, architectural photograph
```

இதில் 'sun' என்ற சொல்லே இல்லை. ஆனால் கூர்மையான நிழலும் ஆழ்ந்த நீல வானமும் இருந்தாலே வெயில் தானாக வந்துவிடும். மங்கலான சுவர்ப்பூச்சு என்று சொன்னதால் சுவர் கண்ணாடிபோல் மினுங்குவது குறையும். சொரசொரப்பு தெரிய வேண்டும் என்றதால் வெளுத்துப்போவதும் குறையும்.

வேண்டாதவற்றை எழுத நெகட்டிவ் ப்ராம்ப்ட் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. அதில் இவ்வளவு போதும்:

```
lens flare, sun in frame, sunburst, bloom, halo, overexposed, oversaturated
```

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் தெரிந்தால் அடுத்த கோளாறும் விளங்கும். படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் மென்பொருள் இரண்டு ஊகங்கள் செய்கிறது. ஒன்று, நாம் கேட்டதை வைத்து. இன்னொன்று, எதுவும் கேட்காததுபோல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்கி, கேட்ட திசையில் படத்தைத் தள்ளுகிறது. அந்த எண்தான் திரையில் `CFG Scale` என்று தெரிவது. நெகட்டிவ் ப்ராம்ப்டில் எழுதுவது இரண்டாவது ஊகத்தின் இடத்தில் போய் உட்காருகிறது. அதனால் படம் அதைவிட்டு விலகிப் போகிறது.

எண்ணைக் கூட்டினால் சொன்ன பேச்சை அதிகம் கேட்கும் என்று நினைத்துப் பலர் 12, 15 என்று ஏற்றிவிடுகிறார்கள். தள்ளுகிற வேகம் கூடக் கூட நிறங்களின் மதிப்பு எல்லை தாண்டுகிறது. தாண்டியது அப்படியே வெட்டுப்படும். வானம் கண்ணைப் பறிக்கும் நீலமாவதும், சுவர் சுண்ணாம்பாய் வெளுப்பதும், கூரை விளிம்பில் ஒளிவட்டம் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். வெயில் காட்சிகளுக்கு 5 அல்லது 6இல் தொடங்குவது நல்லது. 2023இல் பைட்டான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் இந்தத் தள்ளலுக்குப் பிறகு அளவைத் திரும்பச் சரிசெய்யும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கம்ஃபியூஐ மென்பொருளில் அது `RescaleCFG` என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் எண்ணை 0.7 என்று வைத்தாலே நிறங்கள் வெகுவாக அடங்கும்.

எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. ஃப்ளக்ஸ் டெவ் சாதாரண அமைப்பில் இரண்டாவது ஊகத்தைச் செய்வதே இல்லை. ஆகவே அதில் நெகட்டிவ் ப்ராம்ப்ட் எழுதிப் பயனில்லை; நிழலால் சொல்லும் முறைதான் ஒரே வழி. மிட்ஜர்னியில் வாசகத்தின் கடைசியில் `--no lens flare, bloom` என்று சேர்க்கலாம். கூடவே `--style raw` கொடுத்தால் அது தன் விருப்பத்துக்குச் செய்யும் அலங்காரமும் குறையும்.

படம் வந்த பிறகு கண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, நிறம் காட்டும் கருவியை வெயில் பட்ட சுவர்மீது வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 225இலிருந்து 240 வரை நெருக்கமாக இருந்தால் அது வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவர். மூன்றும் 255 என்றால் சுவர் வெளுத்துவிட்டது; அதில் சொரசொரப்பு எதுவும் மிச்சமில்லை. சிவப்பு 255, நீலம் 120 என்று இருந்தால் அந்த வெள்ளைச் சுவருக்கு மென்பொருள் தானாகவே ஆரஞ்சு பூசியிருக்கிறது.

நிழலையும் அளந்து பார்க்கலாம். மார்ச் கடைசி வாரத்தில் காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 40 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர்கிழக்கில் இருக்கும். அப்போது மூன்றடி நீட்டிய சன்ஷேடின் நிழல் கிழக்குச் சுவரில் இரண்டரை அடி அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். படத்தில் நிழல் ஆறடி தொங்கினால் அது உச்சிவெயிலுக்கு நெருங்கிய நேரம். ஒரு ஜன்னல் நிழல் இடப்பக்கமும் அடுத்த ஜன்னல் நிழல் வலப்பக்கமும் சாய்ந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை உருவாக்குவதே மேல்.

மற்றதெல்லாம் சரியாக இருந்து ஒரு மூலையில் மட்டும் ஃப்ளேர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையச் சொல்லலாம். இன்பெயின்டிங் என்பது இதைத்தான். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். மாற்றத்தின் அளவைச் சொல்லும் `Denoising strength` எண்ணை 0.3 என்று குறைவாக வைத்தால் ஃப்ளேர் மறைவதில்லை. பழைய வெளிச்சம் அப்படியே மேலே வந்துவிடும். 0.9 என்று ஏற்றினால் ஜன்னலே மாறிப்போகும். முதலில் தூரிகையை எடுத்து ஃப்ளேர்மீது பக்கத்து வானத்தின் நிறத்தைக் குத்துமதிப்பாகப் பூசிவிட வேண்டும். பிறகு, பூசிய இடத்தோடு அதைச் சுற்றியுள்ள மங்கல் மூட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 0.5 அளவில் திரும்ப வரையச் சொன்னால் வானம் சீராக வந்துவிடும்.

வெளுத்துப்போன சுவரைப் பின்னர் மீட்கலாம் என்று மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 255இல் முட்டிய இடத்தில் விவரம் எதுவும் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகுமே தவிர, சுவரின் பூச்சு திரும்பி வராது. அதேபோல், படத்தைப் பெரிதாக்கும்போது கூர்மையாக்கும் கருவியை அதிகம் பயன்படுத்தினால் துடைத்தெடுத்த ஒளிவட்டம் கூரை விளிம்பில் மறுபடி முளைக்கும். பெரிதாக்கிய பிறகு கூரையும் வானமும் சேரும் இடத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

வீடு வாங்க வருகிறவர் அந்தப் படத்தில் பார்க்கும் நிறத்தையும் வெளிச்சத்தையும் நம்பித்தான் முன்பணம் கொடுக்கிறார். மேற்குப் பார்த்த வீட்டைக் காலை வெயிலில் குளிக்கவிட்டுக் காட்டுவது அவரை ஏமாற்றும் வேலை. கட்டட நிறுவனங்களும் அவற்றுக்குப் படம் செய்துதருகிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும்: படத்தின் கீழே, இது மென்பொருளில் உருவாக்கிய படம் என்பதையும், முகப்பின் திசையையும், எந்த மாதம் எத்தனை மணி வெயில் என்பதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள்.