தாவர உணவு மாத்திரம் உண்போர் வலுக்குன்றாது உடற்கொழுப்பைக் குறைக்கும் முறை

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய யாவற்றையும் நீக்கித் தாவர உணவை மாத்திரம் உண்ணும் கமக்காரர் சிலர், உடல் பருத்துவிட்டதைக் கண்டவுடன் சோற்றைப் பாதியாகக் குறைப்பர். சில வாரங்களில் நிறை குறைவது உண்மையே. ஆனால் மண்வெட்டி பிடிக்கும் கையின் வலுவும் அதனோடு குறைந்துவிடுகின்றது. கொழுப்பு மாத்திரமன்றித் தசையும் கரைந்துள்ளது என்பதே இதன் பொருள்.

தசை கரைவதற்குக் காரணம்

உடல் செலவிடும் சக்தியிலும் குறைந்த சக்தியை உணவு தருமாயின், உடல் தன் சேமிப்புக் கொழுப்பை எரித்து அக்குறையை நிரப்புகின்றது. அவ்வேளையில் புரதமும் போதாதிருந்தால், தசையிலுள்ள புரதத்தையும் எடுத்துச் செலவிடுகின்றது. சோற்றை மிகுதியாக உண்பவருக்குப் புரதத்தின் பெரும்பங்கு அரிசியிலிருந்தே கிடைக்கின்றது. ஆகவே சோற்றை மாத்திரம் குறைப்பவர், தாம் அறியாமலே புரதத்தையும் குறைத்துவிடுகின்றார்.

தானியமும் பருப்பும் சேர வேண்டியது ஏன்?

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒன்பதை உடல் தானாக ஆக்கமாட்டாது, உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியிலும் குரக்கனிலும் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மைசூர்ப் பருப்பிலும் பயற்றிலும் அது நிறைய உண்டு. ஆனால் அவற்றில் மெதியோனின் குறைவு. தானியத்தில் அது போதிய அளவு உண்டு. இவ்வாறு ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோயா அவரையோ தனித்தும் ஏறக்குறைய நிறைவான புரதத்தைத் தருவதாகும்.

இவற்றை ஒரே வேளையில் சேர்த்து உண்ணவேண்டும் என்பது முன்னாளைய கருத்து. 1971 இல் தம் நூலொன்றின் மூலம் அமெரிக்காவில் அக்கருத்தைப் பரப்பிய பிரான்சிஸ் மூர் லப்பே அம்மையாரே 1981 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைத் திருத்தினார். ஒரு நாளைக்குள் இரண்டும் உணவில் இடம்பெற்றால் போதுமானது.

ஓர் உதாரணம்

75 கிலோகிராம் நிறையுள்ள கமக்காரர் ஒருவர் நாளொன்றுக்கு 500 கிராம் அரிசி, 25 கிராம் பருப்பு, 100 கிராம் தேங்காய்ப்பூ, சிறிது மரக்கறி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், தேநீருக்கு 30 கிராம் சீனி என்பவற்றை உண்டு, நிறை கூடாமலும் குறையாமலும் இருக்கின்றார் என்று கொள்வோம். இவ்வுணவு ஏறத்தாழ 2,500 கலோரியையும் 50 கிராம் புரதத்தையும் தருகின்றது. அரிசியை மாத்திரம் பாதியாக்கினால் புரதம் 33 கிராமளவுக்கு இறங்கும். நிறையைக் குறைக்கும் காலத்தில், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.2 கிராம் வீதம் அவருக்கு 90 கிராம் புரதம் வேண்டும்.

அவர் பின்வருமாறு மாற்றலாம். அரிசி 250 கிராம், மைசூர்ப் பருப்பு 100 கிராம், உலர்ந்த சோயா மீற் 50 கிராம், பயறு 60 கிராம், மரக்கறியும் கீரையும் 500 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. சீனியை நீக்குதல் வேண்டும். இவ்வுணவில் ஏறத்தாழ 2,000 கலோரியும் 90 கிராம் புரதமும் உண்டு. காலையில் அவித்த பயற்றையும், பகலிலும் இரவிலும் சோற்றுடன் பருப்பையும் சோயாவையும் பங்கிட்டு உண்பது நன்று. இங்கு கூறிய தானிய, பருப்பு அளவுகள் யாவும் சமைக்குமுன் உள்ள நிறையாகும். வெந்த பருப்பு நீரை ஏற்று இரண்டு மூன்று மடங்கு நிறையுடையதாகுமாதலால், வெந்தபின் நிறுத்தால் புரதம் மிகக் குறைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்தால், வாரத்துக்கு அரைக் கிலோகிராமளவு நிறை குறையும். நாட் செல்லச் செல்ல இவ்வேகம் தணியும். முதல் வாரத்தில் குறைவதில் நீரும் அடங்கும். வாரமொருமுறை காலையில் உண்ணுமுன் நிறையையும், கொப்பூழ் மட்டத்தில் இடுப்பின் சுற்றளவையும் அளந்து குறித்தல் வேண்டும். இடுப்புச் சுருங்கி, தூக்கும் சுமை முன்போலவே இருந்தால் கொழுப்பே குறைகின்றது. நிறை விரைந்து இறங்க, இடுப்பு அவ்வளவாகச் சுருங்காமல் வேலையில் களைப்பு மிகுந்தால், 25 கிராமளவு அரிசியை மீண்டும் சேர்த்து, பருப்பின் அளவையும் சரிபார்க்க வேண்டும். மூன்று வாரமாகியும் நிறை அசையாதிருந்தால், முதலிற் பார்க்கவேண்டியது கட்டித் தேங்காய்ப்பாலையும் பொரிக்கும் எண்ணெயையுமே. சோயா மீற்றை எண்ணெயிற் பொரித்தால் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து கறியாக்குதல் நன்று.

முழுச் சோயா அவரையைப் பயன்படுத்துவோர் அதனை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, மெதுவாகும்வரை அவிக்க வேண்டும். பச்சை அவரையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளொன்று உண்டு. நன்கு அவித்தால் அது பெரும்பாலும் அழிந்துவிடும். பருப்பு வகைகளைத் திடீரெனக் கூட்டினால் வயிறு ஊதுமாதலால், இரண்டு வாரங்களிற் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும்.

பீ 12 உயிர்ச்சத்து இவ்வுணவுகள் எதிலும் இல்லை. தாவர உணவு மாத்திரம் உண்போர் அதனை மாத்திரையாகவே பெறவேண்டும். சிறுநீரக நோயுள்ளோரும் நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இம்முறையைத் தொடங்குதல் வேண்டும்.