பிடிஎஃப் கோப்பைக் காதால் படிப்பவர்கள்

கல்லூரி ஒன்றின் சேர்க்கை அறிவிப்பு பிடிஎஃப் கோப்பாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே கல்லூரிச் சின்னம், அதன் கீழ் பெரிய எழுத்தில் தலைப்பு. இடப்பக்கம் தகுதி விவரம், வலப்பக்கம் கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், அடியில் கட்டண அட்டவணை. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

பார்வையற்ற மாணவர் ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளால் அதைத் திறக்கிறார். அவர் காதில் இப்படி விழுகிறது: "பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாற்றுச் சான்றிதழ் அசலும் தேர்ச்சி பெற்றவர்கள் இரண்டு நகல்களும்..." இரண்டு பத்திகளும் வரிக்கு வரி கலந்துவிட்டன. கட்டணப் பகுதியில் தொடர்பில்லாத எண்கள் வரிசையாக ஒலிக்கின்றன. எந்தத் தொகை எந்தப் படிப்புக்கு என்று தெரிய வழியில்லை.

எந்தக் கணினியிலும், எந்த அச்சுப்பொறியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம் பிடிஎஃப். எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதற்கு முதன்மை. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்ற அறிவு அதற்குத் தானாக வராது. அதைச் சொல்வதற்கான குறிச்சொற்கள், அதாவது டேக்குகள், 2001-இல் வந்த 1.4 பதிப்பில் சேர்ந்தன. முதல் தலைப்புக்கு `H1`, பத்திக்கு `P`, அட்டவணையின் தலைப்புக் கட்டத்துக்கு `TH`, படத்துக்கு `Figure`. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறிச்சொல் வரிசையைப் பின்பற்றித்தான் திரைவாசிப்பான் படிக்கிறது. குறிச்சொற்கள் இல்லையென்றால் மென்பொருள் வரிசையை ஊகிக்கிறது; ஊகம் தவறும்போது வரிகள் கலக்கின்றன.

நம் அறிவிப்பைச் சரிசெய்ய, அது பிறந்த வேர்டு கோப்புக்கே போவதுதான் எளிது. தட்டச்சு செய்தவர் இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருப்பார். அதைக் கலைத்து, `Layout` பகுதியில் `Columns` கொண்டு பிரித்தால் இடப்பத்தி முழுவதும் முடிந்த பிறகே வலப்பத்தி தொடங்கும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. `Heading 1` என்ற பாணியைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மாணவர் `H` விசையைத் தட்டி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும். கட்டண அட்டவணையையும் கோடுபோட்டு வரையாமல் வேர்டின் அட்டவணையாகவே செருகி, முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்தால், தொகையோடு அது எந்தக் கட்டணம் என்பதையும் திரைவாசிப்பான் சொல்லும்.

படங்களுக்கு மாற்று உரை எழுதுவது மனிதர் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. படத்தை வலது சொடுக்கினால் அதற்கான இடம் வரும். "படம்" என்றோ "வரைபடம்" என்றோ எழுதுவதால் பயனில்லை. அறிவிப்பில் கல்லூரிக்கு வரும் வழியைக் காட்டும் வரைபடம் இருந்தால், "பேருந்து நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து நேராக நடந்தால் இரண்டாவது சந்திப்பில் இடப்பக்கம் கல்லூரி" என்று எழுதலாம். படம் சொல்ல வந்தது அதுதானே. வெறும் அலங்காரப் பூவேலைக்கு உரை வேண்டாம். அதை அலங்காரம் என்று குறித்துவிட்டால் திரைவாசிப்பான் பேசாமல் கடந்துபோகும்.

சேமிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். `Print` வழியாக பிடிஎஃப் ஆக்கினால் இத்தனை உழைப்பும் தொலைந்துபோகும். `Save As` வழியாகச் சென்று, `Options` உள்ளே `Document structure tags for accessibility` தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இலவச அக்ரோபேட் ரீடரில் கோப்பின் `Properties` திறந்தால் `Tagged PDF: Yes` என்று இருக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அதை எந்தக் குரலாலும் தமிழாகப் படிக்க முடியாது. யூனிகோடில் மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கத்தில் அந்த எழுத்துகள்கூட இல்லை. ஒரு படம் மட்டுமே இருக்கிறது.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்று உரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அது சரியான உரையா என்பது அவற்றுக்குத் தெரியாது. வாசிப்பு வரிசை பொருள்படுகிறதா என்பதை அக்ரோபேட்டின் சோதனையும் மனிதர் கையில்தான் விடுகிறது. ஆகவே அறிவிப்பு தயாரிப்பவர்கள் என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, தங்கள் கோப்பை ஒருமுறை முழுவதும் கேட்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது என்று கேட்டே சொல்ல முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் வேர்டு கோப்பைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.