ஒரு கிளை திறந்திருந்தால் வாதம் விழும்

“மாடித் தொட்டி நிரம்பவில்லை. குழாயில் அடைப்பும் இல்லை. அப்படியென்றால் கரண்ட் இல்லை.” அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அவர் காரணங்களையும் அடுக்குவார். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடி, குழாயிலும் அடைப்பு இல்லாமல் இருந்தால் தொட்டி நிரம்பியே தீரும். எல்லாம் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தக் காரணங்களிலிருந்து அந்த முடிவு உண்மையிலேயே கிடைக்கிறதா?

இதைத் தீர்மானிக்க அளவையியலில் ஓர் எளிய முறை இருக்கிறது. அதன் பெயர் மெய்மை மரம். தாளும் பென்சிலும் போதும். பத்து நிமிடத்தில் தீர்ப்பு கிடைக்கும். வாதம் சரி அல்லது தவறு என்று சொல்வதோடு அது நிற்பதில்லை. தவறு என்றால் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடும்.

ஒரு வாதம் செல்லும் என்றால் என்ன பொருள்? முற்கூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்படியான நிலைமை ஒன்றுகூட இருக்க முடியாது என்று பொருள். அப்படி ஒரு நிலைமை இருந்தால் அதை எதிர்நிலைமை என்று அழைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வரும் மெய்மை அட்டவணை, எல்லா நிலைமைகளையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்கிறது. நம் வாதத்தில் நான்கு அடிப்படைக் கூற்றுகள் இருக்கின்றன: மின்சாரம் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, குழாய் அடைத்திருக்கிறது, தொட்டி நிரம்பியது. ஒவ்வொன்றும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம் என்பதால் அட்டவணைக்கு 16 வரிகள் வேண்டும். கூற்றுகள் பத்தானால் 1,024 வரிகள்.

மெய்மை மரம் வேறு வழியில் போகிறது. எதிர்நிலைமை ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. முற்கூற்றுகளை எழுதி, கடைசியில் முடிவின் மறுப்பையும் சேர்த்து எழுதுகிறது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்று தேடுகிறது. முடியும் என்றால் வாதம் விழுந்தது. எந்த வழியில் போனாலும் முரண்பாட்டில் போய் முட்டினால் வாதம் நின்றது.

தேடுவதற்கான விதிகள் மொத்தம் ஒன்பது. அவற்றின் அடிப்படை இரண்டே எண்ணங்கள். ஒரு கூற்று உண்மையாக இருக்க இரண்டு விஷயங்களும் உண்மையாக வேண்டும் என்றால், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். ஏதாவது ஒன்று போதும் என்றால், மரத்தை இரண்டு கிளையாகப் பிரித்து, கிளைக்கு ஒன்றாக எழுத வேண்டும். ‘அ-வும் ஆ-வும்’ கீழே இறங்கும். ‘அ அல்லது ஆ’ கிளை பிரியும். ‘அ எனில் ஆ’ என்ற கூற்று, அ பொய்யானாலும் உண்மைதான், ஆ உண்மையானாலும் உண்மைதான். ஆகவே அதுவும் கிளை பிரியும். ஒரு பக்கம் அ-வின் மறுப்பு, மறுபக்கம் ஆ. ‘அ-வும் ஆ-வும்’ என்பதை மறுத்தால், இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்று ஆகிறது. ஆகவே அங்கும் பிரிவுதான். இரட்டை மறுப்பு வந்தால் இரண்டையும் நீக்கிவிடலாம். ஒரே கிளையில் ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து வந்துவிட்டால் அந்தக் கிளையை மூடிப் பெருக்கல் குறி போட வேண்டும். அந்த வழியில் எதிர்நிலைமை இல்லை.

இனி நம் தொட்டிக்கு வருவோம். நான்கு கூற்றுகளையும் மி, மோ, கு, தொ என்று சுருக்கிக்கொள்ளலாம். ¬ மறுப்பு, ∧ என்பது ‘உம்’, → என்பது ‘எனில்’. முதல் நான்கு வரிகள் முற்கூற்றுகள். முடிவு ‘மின்சாரம் இல்லை’, அதாவது ¬மி. அதன் மறுப்பு ஐந்தாம் வரி.

```
1. ¬மி → ¬மோ
2. (மோ ∧ ¬கு) → தொ
3. ¬தொ
4. ¬கு
5. ¬¬மி
6. மி
   ├─ தொ  ✗
   └─ ¬(மோ ∧ ¬கு)
        ├─ ¬¬கு
        │   கு  ✗
        └─ ¬மோ
             ├─ ¬¬மி
             │   மி  (திறந்தது)
             └─ ¬மோ  (திறந்தது)
```

ஐந்தாம் வரியின் இரட்டை மறுப்பை நீக்கினால் ஆறாம் வரி கிடைக்கிறது. அடுத்து இரண்டாம் வரியைப் பிரிக்கிறோம். ஒரு கிளையில் ‘தொட்டி நிரம்பியது’ வருகிறது. மூன்றாம் வரியோ நிரம்பவில்லை என்கிறது. அந்தக் கிளை மூடியது. மறுகிளையில், மோட்டார் ஓடுவதும் குழாய் அடைக்காமல் இருப்பதும் சேர்ந்து நடக்கவில்லை என்று வருகிறது. அதைப் பிரித்தால் ஒரு பக்கம் ‘குழாய் அடைத்திருக்கிறது’. அது நான்காம் வரியோடு முரண்படுவதால் மூடியது. மறுபக்கம் ‘மோட்டார் ஓடவில்லை’. அதன்கீழ் முதல் வரியைப் பிரிக்கிறோம். மின்சாரம் இருக்கிறது என்று ஒரு கிளை, மோட்டார் ஓடவில்லை என்று மற்றொரு கிளை. இரண்டும் மேலே ஏற்கெனவே இருப்பவைதான். முரண் எதுவும் இல்லை. பிரிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. கிளைகள் திறந்தே நிற்கின்றன. வாதம் செல்லாது.

இப்போது திறந்த கிளையை அடியிலிருந்து மேலே படித்துப் பாருங்கள். மோட்டார் ஓடவில்லை. மின்சாரம் இருக்கிறது. குழாய் அடைக்கவில்லை. தொட்டி நிரம்பவில்லை. இது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த நிலைமைதான்: கரண்ட் இருக்கிறது, மோட்டார் காயில் எரிந்துபோயிருக்கிறது, அல்லது யாரும் சுவிட்சைப் போடவில்லை. அட்டவணையின் 16 வரிகளில் வாதத்தைக் கவிழ்க்கும் வரி இது ஒன்றுதான். மரம் நேராக அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

பேசியவர் மனத்தில் இருந்த, ஆனால் வாயில் வராத கூற்றும் இங்கே தெரிந்துவிடுகிறது: ‘மின்சாரம் இருந்தால் மோட்டார் ஓடும்’. அதை முற்கூற்றாகச் சேர்த்து மரத்தை மறுபடி வரைந்தால், ‘மோட்டார் ஓடவில்லை’ என்ற இடத்தின் கீழ் இந்தப் புதிய கூற்று பிரியும். ஒரு பக்கம் ‘மின்சாரம் இல்லை’; அது ஆறாம் வரியோடு மோதி மூடும். மறுபக்கம் ‘மோட்டார் ஓடுகிறது’. அது தனக்கு மேலே உள்ள வரியோடு மோதி மூடும். எல்லாக் கிளைகளும் மூடியாயிற்று, வாதம் செல்லும். இதில் கவனிக்க வேண்டியது, முதல் வரியை நாம் தொடவே இல்லை என்பது. ‘கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது’ என்று அவர் அழுத்திச் சொன்ன காரணம் இந்த முடிவுக்குத் தேவையே இல்லை. வாதத்தைத் தாங்கியது அவர் சொல்லாமல் விட்ட கூற்று. அந்தக் கூற்று உண்மையா என்பதை மரம் சொல்லாது. அதற்கு மோட்டார் அறைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த முறையை எதனால் நம்பலாம்? ஒவ்வொரு விதியும் எந்த நிலைமையையும் தவறவிடாதபடி அமைந்திருக்கிறது. ஒரு கிளையில் உள்ள எல்லாவற்றையும் உண்மையாக்கும் நிலைமை இருந்தால், கிளை பிரிந்த பிறகும் அந்த நிலைமை ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்தே தீரும். ஆகவே எல்லாப் பக்கமும் மூடிவிட்டால் அப்படி ஒரு நிலைமை தொடக்கத்திலேயே இல்லை. மறுதிசையில், முழுமையாகப் பிரித்து முடித்த கிளை திறந்திருந்தால், அதில் உள்ள அடிப்படைக் கூற்றுகளை அப்படியே உண்மை, பொய் என்று வைத்தால் போதும். அவற்றிலிருந்து மேலே ஏற ஏற ஒவ்வொரு வரியும் உண்மையாகிக்கொண்டே போய் முற்கூற்றுகளை எட்டும். மேலும் ஒவ்வொரு விதியும் நீண்ட கூற்றைக் குட்டையாக உடைப்பதால் வேலை என்றைக்காவது முடிந்தே ஆக வேண்டும்.

இந்த எண்ணத்தை 1955இல் நெதர்லாந்தின் எவர்ட் பெத்தும் பின்லாந்தின் யாக்கோ ஹிந்திக்காவும் தனித்தனியே வெளியிட்டார்கள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஜெஃப்ரி 1967இல் எழுதிய பாடநூல் அதை இன்றைய மர வடிவில் மாணவர்களிடம் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு ரேமண்ட் ஸ்மல்லியனின் நூல் அதைக் கணித நேர்த்தியோடு வகுத்தது. ஆனால் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல் 1890களிலேயே, முடிவை மறுத்துவிட்டு முரண்பாட்டைத் தேடும் ஒரு மர முறையை உருவாக்கியிருந்தார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற அந்த எழுத்து 1977இல்தான் அச்சேறியது.

வரையத் தொடங்குபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, முடிவை மறுப்பது. முடிவு ‘அ எனில் ஆ’ என்று இருந்தால் அதன் மறுப்பு ‘அ எனில் ஆ இல்லை’ என்பதல்ல. அ உண்மை, ஆ பொய் என்பதே மறுப்பு. அது கிளை பிரியாமல் நேராகக் கீழே இறங்கும். இரண்டாவது, ஒரு கூற்றைப் பிரிக்கும்போது அதற்குக் கீழே உள்ள திறந்த கிளைகள் அனைத்திலும் அதை எழுதாமல் ஒன்றில் மட்டும் எழுதிவிடுவது. மூன்றாவது, பிரிக்க வேண்டிய வரி மிச்சமிருக்கும்போதே ‘கிளை திறந்திருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது.

திறந்த கிளையைச் சரிபார்ப்பது எளிது: அது தரும் மதிப்புகளை முற்கூற்றுகளில் வைத்துப் பார்த்தால் போதும். மூடிய மரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பெருக்கல் குறியின் அருகிலும் எந்த இரண்டு வரிகள் மோதின என்று எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி பார்ப்பதுதான் வழி. கீழே இறங்கும் விதிகளை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கிளை பிரித்தால் மரம் சிறியதாக இருக்கும். வரிசை மாறினாலும் தீர்ப்பு மாறாது. தாள்தான் கூடுதலாகச் செலவாகும்.

இதற்கும் எல்லை உண்டு. கூற்றுகள் சிக்கலாகப் பின்னியிருந்தால் கிளைகள் பெருகும். சில வகை வாதங்களில் மரம் அட்டவணையைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு. ‘எல்லோரும்’, ‘சிலர்’ என்ற சொற்கள் வரும் வாதங்களில் ஒரு கிளை முடியாமல் நீண்டுகொண்டே போகலாம். அந்த வகை வாதங்கள் அனைத்துக்கும் தீர்ப்புச் சொல்லும் பொதுமுறை இருக்க முடியாது என்று சர்ச்சும் டூரிங்கும் 1936இல் நிறுவினார்கள்.

நாம் அன்றாடம் கேட்கும் ‘இருந்தால்’, ‘அல்லது’, ‘இல்லை’ வாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கத் தாள் போதும். அடுத்த முறை ‘அப்படியென்றால்’ என்று யாராவது ஒரு முடிவுக்கு வரும்போது, அந்த முடிவின் மறுப்பை எழுதித் தொடங்குங்கள். கிளை ஒன்று திறந்து நின்றால், அதைப் படித்துக் காட்டி, விட்டுப்போன கூற்று எது என்று அவரிடமே கேளுங்கள்.