மாடிப் பந்தலுக்கு எத்தனை கிலோ?

மொட்டை மாடியில் கொடி படர ஒரு இரும்புப் பந்தல், 4 மீட்டருக்கு 3 மீட்டர். பட்டறைக்காரர் கூலியைப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் சொல்வார். அவர் சொல்வதற்கு முன் எத்தனை கிலோ என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஸ்கொயர் பைப்பை நீளவாக்கில் கீறி விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. பக்கமும் 2 மி.மீ. கனமும் உள்ள பைப், கனம் போக 48 மி.மீ. வீதம் நாலு பக்கமும் சேர்ந்து 192 மி.மீ. அகலத் தகடாகும். 1 மி.மீ. கனத் தகடு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. 0.192 × 2 × 7.85 என்றால் மீட்டருக்கு 3 கிலோ, 6 மீட்டர் முழு நீளம் 18 கிலோ. மூலை வளைவால் இது சற்றுக் குறையும். தராசு 14.5 கிலோ காட்டினால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 1.6 மி.மீ. பைப். கடையில் ஒன்றைத் தூக்கி வைத்து எடைபோடச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

நம் பந்தலின் கால்களுக்கும் மேல் சட்டத்துக்கும் 75 மி.மீ. பைப், 3 மி.மீ. கனம், மீட்டருக்கு 6.8 கிலோ. 2.4 மீட்டரில் நாலு கால், 4 மீட்டரில் இரண்டு சட்டம், அவற்றுக்கு நடுவே 2.85 மீட்டரில் இரண்டு: மொத்தம் 158 கிலோ. அரை மீட்டருக்கு ஒன்றாக 50 மி.மீ. குறுக்குப் பைப் ஏழு, 60 கிலோ. ஆக 218 கிலோ. ஆனால் கடையில் முழு நீளமாகத்தான் வாங்க வேண்டும். பெரியது ஐந்து, சிறியது நாலு என்று வாங்கினால் 276 கிலோ ஆகிவிடும். கூலி எந்த எடைக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 58 கிலோ வெட்டுத் துண்டும் உங்களுடையதுதான். மாடியில் போட ஒரு பெஞ்சுக்கு ஆகும்.

இணைப்பில்தான் பந்தலின் ஆயுள் இருக்கிறது. நாலு மூலையில் டேக் மட்டும் அடித்துவிட்டு இடைவெளியைப் பட்டியால் நிரப்பிப் பூசுவது உண்டு. மழைநீர் அதன்வழியே உள்ளே இறங்கும். பைப்பின் உட்புறத்தில் பெயிண்ட் கிடையாது என்பதால், வெளியே பளபளவென்றிருக்கும்போதே கால் அடியிலிருந்து அரித்துவரும். அடித்தகட்டுக்குச் சற்று மேலே சிவப்புக் கறை கசிந்தால் இதுதான் காரணம். சுற்றிலும் முழு வெல்டிங் கேளுங்கள். திறந்த முனை ஒவ்வொன்றுக்கும் மூடித் தகடு வேண்டும்.

பெயிண்டுக்கு எடையை விட்டுவிட்டுச் சுற்றளவைப் பாருங்கள். பெரிய பைப்பின் சுற்றளவு 30 செ.மீ., சிறியது 20. நீளத்தால் பெருக்கினால் 7 சதுர மீட்டரும் 4 சதுர மீட்டரும், கூட்டினால் 11. லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு என்றால் மூன்றரை லிட்டர் போதும்.

இந்தக் கணக்கெல்லாம் திறந்த பந்தலுக்கு மட்டும். மேலே ஷீட் போட்டால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். அதற்குப் பொறியாளர் வேண்டும்.

இன்னொன்று: குறுக்குப் பைப்புகளைத் தரையிலேயே பூசிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள், வெல்டிங் இடத்தை மட்டும் பிறகு பூசலாம். ஏற்றியபின் ஏணியில் நின்று அடிப்பவர் கண்ணுக்கு மேல்முகம் தெரியாது. துரு பிடிக்கத் தொடங்குவதும் அங்கேதான்.