தராசு சொன்னது யாருடைய எடை?

"ஏங்கண்ணு, ஒரே ராத்திரியில ரெண்டு கிலோவா கொறஞ்சு போச்சு?"

கோவை சிங்காநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்காக ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்வரும் 58 வயது அம்மா, எடையைக் குறித்து வரச் சொன்ன டாக்டருக்காக ஸ்மார்ட் தராசு வாங்குகிறார். அவர் எடை 64.2 கிலோ. ஒரு காலையில் செயலியில் 62.1 என்று விழுந்திருக்கிறது. ஏறி நின்றதோ மகள்.

இது தராசின் கோளாறு அல்ல. பல தராசுகளுக்கு மனிதரைத் தெரியாது, எடையைத்தான் தெரியும். பதிவாகியிருப்பவர்களில் யாருடைய கடைசி எடைக்கு இந்த எண் நெருக்கமோ அவர் கணக்கில் சேர்த்துவிடும். வீட்டில் இருவர் எடை இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்தில் இருந்தால் இப்படி நடக்கத்தான் செய்யும். அன்றைய கொழுப்புச் சதவீதம் இன்னும் வேடிக்கை: மகளின் பாதத்தில் ஓடிய மின்சாரத்தை வைத்து அம்மாவின் வயதுக்கும் உயரத்துக்கும் போட்ட கணக்கு அது. ஆக, அந்த எண் இருவருக்கும் உரியதல்ல. எடை, கொழுப்பு இரண்டும் ஒரே நாளில் தாவினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அந்தப் பதிவைத் தராசின் செயலியில் அழித்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டு போனில் Health Connect வழியாக அது வேறு செயலிகளுக்கும் போயிருக்கலாம். அங்கும் திறந்து பார்த்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டரிடம் காட்டும் வரைபடத்தில் அந்தப் பள்ளம் அப்படியே நிற்கும்.

தராசைப் போனோடு இணைக்கும்போதே பலர் தடுமாறுவது வேறோர் இடத்தில். போனின் புளூடூத் பட்டியலில் தராசைத் தேடுவார்கள். பெரும்பாலான தராசுகளை அங்கே இணைக்கக் கூடாது. புளூடூத்தை ஆன் செய்துவிட்டு, செயலிக்குள் போய்ச் சாதனத்தைச் சேர்க்கும் பகுதியைத் திறந்து, வெறுங்காலோடு ஏறி நின்று தராசை எழுப்ப வேண்டும். எண் தெரிந்தும் போனுக்கு வரவில்லையென்றால், வீட்டில் இன்னொருவர் போனில் அதே செயலி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்திக்கொண்ட போன் தராசைப் பிடித்துவைத்திருக்கும்.

அடுத்து அனுமதி. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் சாதனத்தைத் தேட Nearby devices என்ற அனுமதி தனியாக இருக்கிறது. அதற்கு முந்தைய போன்களில் இருப்பிட அனுமதி கொடுத்தால்தான் தேடல் நடக்கும். ஆகவே பழைய போனில் இருப்பிடம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடலாம். எடை பார்க்க அத்தை மாமா நம்பர் எதற்கு?

பாதத்தின் வழியே மின்சாரம் ஓடுவதால், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கொழுப்பு அளக்கும் தராசில் ஏறவே கூடாது. கையேடுகளில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை இது.

இனி, நிறுவனமே கடையைச் சாத்தினால்? அமெரிக்காவின் அண்டர் ஆர்மர் 2016-இல் தராசு, கைப்பட்டை எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு ஒரு பெட்டி விற்றது. அதற்கான செயலிக்கு 2020 மார்ச்சோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. தராசு தரையில் கிடந்தது, அதன் எண்கள் போய்ச்சேர இடமில்லை. அதே நிறுவனத்திடம் அப்போதிருந்த மைஃபிட்னெஸ்பால் செயலியிலிருந்து 2018-இல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல், கடவுச்சொல் விவரங்கள் களவுபோயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாதம் ஒருமுறை பதிவுகளைக் கோப்பாக இறக்கி வைப்பதும், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வைப்பதும் வீண்வேலை அல்ல என்று புரியும்.

சட்டம் என்ன தருகிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் உடல்நிலை விவரங்களை நுண்ணுணர்வுள்ள தகவல் என்கின்றன. நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் அவர் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, ஆனால் இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் விடப்பட்டிருக்கிறது.

தராசே பழுது, அல்லது பெட்டியில் சொன்ன செயலி வேலை செய்யவில்லை என்றால் அது நுகர்வோர் புகார். முதலில் 1915-க்குப் பேசலாம். பலன் இல்லையென்றால், வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், சிங்காநல்லூர்க்காரர் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லையும், செயலி காட்டிய பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.