முப்பத்தோரு விநாடி எங்கே போனது?

கோயம்புத்தூரில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு பில்களில் உள்ள வரிகளைக் கூட்டினால் மூன்று கோடி தேறும். காலையில் விற்பனை மேலாளர் டேப்லோவில் செய்த டேஷ்போர்டைத் திறக்கிறார். படம் முழுதாக வந்து நிற்க 31 விநாடி ஆகிறது. மாவட்டத்தை மாற்றினால் மறுபடியும் அதே காத்திருப்பு. "சர்வர் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்" என்பதுதான் அலுவலகத்தில் முதலில் எழும் பேச்சு.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த 31 விநாடியும் எங்கெங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான கருவி டேப்லோவுக்குள்ளேயே இருக்கிறது. Help பட்டியலில் Settings and Performance என்பதற்குள் Start Performance Recording என்று ஒரு கட்டளை உண்டு. அதை அழுத்திவிட்டு, டேஷ்போர்டைத் திறந்து, ஒரு மாவட்டத்தை மாற்றிப் பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினால் போதும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பட்டைகளாக வரைந்து காட்டும் புதுக் கோப்பு ஒன்று திறக்கும். Executing Query என்ற பட்டை, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம். Computing Layout, Rendering என்பவை வந்த பதிலைத் திரையில் அடுக்கி வரைந்த நேரம். முதல் வகை நீண்டிருந்தால் கோளாறு கேள்வியிலோ தரவிலோ இருக்கிறது. இரண்டாம் வகை நீண்டிருந்தால் படத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முன்பே கேட்ட கேள்விக்கான பதிலை டேப்லோ நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே மென்பொருளை மூடித் திறந்து, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நோய் மறைந்துபோன நேரத்தில் நாடி பிடித்ததாகிவிடும்.

நம் உதாரணத்தில் மிக நீண்ட பட்டை 19 விநாடி. அது எந்தப் படத்துக்கும் உரியதல்ல, ஓரத்தில் இருக்கும் "கடை பெயர்" ஃபில்டருக்கு உரியது. பலரையும் திகைக்க வைக்கும் இடம் இது. ஃபில்டரில் Only Relevant Values என்று தேர்ந்திருந்தால், மாவட்டத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் "இந்த மாவட்டத்தில் எந்தெந்தக் கடைகள்?" என்று டேப்லோ தனியாக ஒரு கேள்வி கேட்கும். 18,000 கடைப் பெயர்களிலிருந்து ஒரு பட்டியலைத் தயாரிக்க, டேட்டாபேஸ் மூன்று கோடி வரிகளையும் புரட்டும். அந்தப் பட்டியலை யாரும் மேலிருந்து கீழே படிக்கப் போவதில்லை. Wildcard Match என்ற வகைக்கு மாற்றினால், மேலாளர் கடைப் பெயரில் நான்கு எழுத்தைத் தட்டித் தேடிக்கொள்ளலாம். பட்டியலே தேவையில்லாததால் அந்தக் கேள்வியும் போய்விடும்.

ஆனால் 19 விநாடியைக் கழித்ததும் 12 விநாடியில் திறந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கேள்விகள் பலவும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பட்டைகள் நேர அளவில் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கின்றன. மிக நீண்டதை எடுத்ததும் அடுத்த நீளமான பட்டை அந்த இடத்துக்கு வந்துவிடும். இங்கே அது 14 விநாடி. அதனால் மொத்தம் 26 விநாடிக்குத்தான் இறங்கும்.

இந்த 14 விநாடிப் பட்டை, மாதாந்திர விற்பனைப் படத்துக்குரியது. பட்டையைச் சொடுக்கினால், டேட்டாபேஸுக்குப் போன கேள்வி கீழே எழுத்தாகவே தெரியும். அதை அப்படியே எடுத்து டேட்டாபேஸில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். அங்கேயும் 14 விநாடி ஆனால், டேப்லோ மேல் பழியில்லை. கேள்வியில் இந்த வரி இருந்தது:

```sql
WHERE TO_CHAR(invoice_date, 'YYYY-MM') = '2025-03'
```

கணக்கப்பிள்ளை பில்களை நாள்வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். மார்ச் மாதத்துப் பில் வேண்டுமென்றால் அந்தக் கட்டை மட்டும் உருவினால் போதும். இந்த வரியோ, ஒவ்வொரு பில்லின் தேதியையும் வேறு வடிவில் எழுதிப் பார்த்து, அது மார்ச்தானா என்று சரிபார்க்கச் சொல்கிறது. தேதி மேல் போட்ட இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. தேதியைத் தொடாமல் எல்லையை மட்டும் சொன்னால் இன்டெக்ஸ் வேலை செய்யும்:

```sql
WHERE invoice_date >= DATE '2025-03-01'
  AND invoice_date <  DATE '2025-04-01'
```

இப்போது அதே கேள்விக்கு 2 விநாடி ஆகிறது. கையால் எழுதிய எஸ்க்யூஎல்லை டேப்லோ அடைப்புக்குள் வைத்து, அதன்மேல் தன் கேள்வியைச் சுற்றும். ஆகவே அதற்குள் யாராவது பழக்கத்தில் போட்டுவைத்த ORDER BY இருந்தால், யாரும் பார்க்காத ஒரு வரிசைக்காக டேட்டாபேஸ் உழைக்க நேரலாம். அதையும் நீக்கிவிடுவது நல்லது.

மிச்சமிருப்பது படம். டேஷ்போர்டின் அடியில் கடைவாரியான அட்டவணை ஒன்று: 18,000 வரிசை, வரிசைக்கு 6 எண். ஷீட்டைத் திறந்தால் இடது கீழ் மூலையில் மார்க்குகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும். அதன் கேள்விக்கு 6 விநாடி, வரைய 9 விநாடி. "எக்ஸெலில் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று எப்போதோ ஒருவர் கேட்டதற்காக வைத்த அட்டவணை அது. அவருடைய தேவை நியாயமானதுதான், ஆனால் தினமும் காலையில் எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைத் தனி டேஷ்போர்டுக்கு மாற்றி, முதல் பக்கத்தில் அதிகம் விற்ற 20 கடைகளை மட்டும் காட்டினால், திறக்கும் நேரம் 5 விநாடிக்குள் வந்துவிடும்.

இவ்வளவுக்கும் எக்ஸ்ட்ராக்ட் பக்கமே போகவில்லை. வேகம் குறைந்தால் பலரும் முதலில் கை வைப்பது அதில்தான். தரவின் ஒரு நகலை .hyper கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் எக்ஸ்ட்ராக்ட். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஹைப்பர் என்ற இன்ஜினை டேப்லோ 2016-இல் வாங்கி, 2018 ஜனவரியில் 10.5 பதிப்பில் கொண்டுவந்தது. தரவை வரிசைவாரியாக அல்லாமல் பத்திவாரியாகச் சேமிப்பதால், கூட்டல் கணக்குகளில் அது மிக வேகமானது. ஆனால் ஒரு லட்சம் மார்க்குகளை வரையும் 9 விநாடியில் அதனால் ஒன்றும் குறைக்க முடியாது.

எடுப்பதானாலும் அளவோடு எடுக்க வேண்டும். 60 பத்திகளில் படங்கள் பயன்படுத்துவது 11 மட்டும் என்றால், Hide All Unused Fields மற்றதை விலக்கிவிடும். மாதவாரியாகத் திரட்டி எடுத்தால் கோப்பு இன்னும் சுருங்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. திரட்டும்போது கடைப் பெயரை விட்டுவிட்டால், "இந்த மாதம் எத்தனை கடைகள் வாங்கின?" என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் பதில் கிடையாது. மாவட்டவாரி எண்ணிக்கைகளை முன்பே போட்டு வைத்துக் கூட்டினாலும், இரண்டு மாவட்டங்களில் வாங்கிய கடை இரண்டு முறை எண்ணப்படும்.

தினமும் முழுதாகப் புதுப்பிக்க நேரமில்லை என்று புதிய வரிகளை மட்டும் சேர்க்கும் இன்கிரிமென்டல் முறைக்குப் போனால், வேறொரு சிக்கல் வரும். திங்களன்று போட்ட பில்லைப் புதனன்று ரத்து செய்தால், டேட்டாபேஸில் அந்த வரி திருத்தப்படும், எக்ஸ்ட்ராக்டில் திங்கள்கிழமைத் தொகை அப்படியே நிற்கும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவின் தொகையும் டேஷ்போர்டின் தொகையும் ஒத்துப்போகாதபோதுதான் அது தெரியவரும். வித்தியாசத் தொகை, ரத்தான பில்களின் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் காரணம் உறுதியாகிவிடும். மருந்து வியாபாரத்தில் காலாவதிச் சரக்கு திரும்பி வருவது வாடிக்கை என்பதால், இந்த நிறுவனம் ஞாயிறு இரவு ஒருமுறை எக்ஸ்ட்ராக்டை முழுதாகப் புதுப்பித்தே ஆக வேண்டும்; மற்ற இரவுகளுக்கு இன்கிரிமென்டல் போதும்.